கூடி வந்தால்

வெகுநாளாக ஒரு சொல் உறுத்திக்கொண்டிருக்கிறது. 'ஹோப்ஃபுல்லி'. பாவூர்சத்திரம் கடைத்தெருவில் கேட்கிறேன், தென்காசி பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்து போனில் பேசுகிற பெண்ணிடம் கேட்கிறேன், சென்னையில் வேலை பார்க்கிற பிள்ளைகள் ஊருக்கு வந்தால் வீட்டுத் திண்ணையிலேயே கேட்கிறேன். "ஹோப்ஃபுல்லி அடுத்த மாசம் பத்திரம் பதிஞ்சிரும் சித்தப்பா." ஆங்கிலச் சொல் தமிழில் கலக்கிறது என்பதல்ல என் புகார். பஸ்ஸும் கரண்டும் டீயும் நம் சொற்களாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவற்றுக்கு மாற்றுத் தேடுகிற பொறுமை எனக்கு இல்லை. இந்தச் சொல் செய்கிற வேலைதான் புரியாமல் இருந்தது. பிடிப்பது கடினம், ஏனென்றால் அது வாக்கியத்துக்குள் எதையும் தொடுவதில்லை. 'அடுத்த மாசம் பத்திரம் பதிஞ்சிரும்' என்ற வாக்கியம் அதே உறுதியோடு அப்படியே நிற்கிறது. வாசலில் மட்டும் இந்தச் சொல் செருப்பைக் கழற்றி வைத்தது போலக் கிடக்கிறது. நம்புகிறவர் யார்? பேசுகிற பையனா, சார்பதிவாளரா, கேட்டுக்கொண்டிருக்கிற நானா? பதியாமல் போனால் யார் யாரிடம் என்ன கேட்பது? பதிந்துவிடும் என்று சொன்ன மாதிரியும் இருக்கிறது, சொல்லாத மாதிரியும் இருக்கிறது. நம்மிடம் இதற்கு வேறு ஏதோ இருந்ததே, அது எங்கே போயிற்று என்று யோசிக்க ஆரம்பித்து, சம்பந்தமே இல்லாமல் ஸ்பெயின்வரை போய்விட்டேன்.

ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் இந்தச் சொல்லுக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து அந்தச் சொல்லுக்கு 'நம்பிக்கையோடு' என்ற நேரான பொருள் இருந்தது: ஒருவர் நம்பிக்கையோடு காத்திருக்கிறார், நம்பிக்கையோடு நடக்கிறார். அங்கே நம்புகிறவர் வாக்கியத்திலேயே இருக்கிறார். வாக்கியம் முழுவதுக்கும் தலைப்பாகை கட்டிவிடுகிற இன்றைய உபயோகம் 1930களில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. 1960களில் அது எல்லோர் வாயிலும் புழங்க ஆரம்பித்ததும் இலக்கணக்காரர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. 'மழை நம்பிக்கையோடு பெய்யும்' என்றால் நம்புவது மழையா என்று கேட்டுக் கேலி செய்தார்கள். கேலி அவ்வளவு நியாயமானதாக இல்லை. 'வெளிப்படையாகச் சொன்னால்', 'அதிர்ஷ்டவசமாக' என்கிற பொருளில் இதே அமைப்புள்ள சொற்களை அவர்கள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் பயன்படுத்தி வந்தவர்கள்தான். பத்திரிகையாளர்களுக்கு நடைவிதிகள் வகுக்கிற அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் வெகுகாலம் இந்தப் பிரயோகத்தைத் தடுத்து வைத்திருந்து, 2012 ஏப்ரலில் ஒருவழியாக அனுமதித்தது. அதோடு வழக்கு முடிந்தது. இலக்கணக்காரர்கள் தோற்றார்கள், தோற்றிருக்கவும் வேண்டியதுதான். ஆனால் கேலியாக அவர்கள் கேட்ட கேள்வி, நம்புவது யார் என்ற கேள்வி, பதில் கிடைக்காமலேயே பாக்கி நிற்கிறது.

ஸ்பானிய மொழியில் இந்த இடத்தில் வருவது 'ஓஹலா'. கடைசி அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். பொதுவாக இதை 'இன்ஷா அல்லாஹ்' என்பதன் மரூஉ என்று சொல்லிவிடுகிறார்கள். கிட்டத்தட்டச் சரி. அகராதிக்காரர்கள் இன்னும் கொஞ்சம் துல்லியமாகப் பேசுகிறார்கள். ஸ்பானிய அரச கழகத்தின் அகராதி இதை அந்தலூசிய அரபியின் 'லௌ ஷா அல்லாஹ்' என்பதிலிருந்து எடுக்கிறது. 711இல் ஜிப்ரால்டரைத் தாண்டி அரபியும் பெர்பரும் பேசிய படைகள் ஐபீரியாவுக்குள் போனதிலிருந்து 1492இல் கிரனாடா விழும்வரை, எங்கோ ஒரு பகுதியில் ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகள் முஸ்லிம் ஆட்சி அங்கே இருந்திருக்கிறது. அரபி பேசியவர்கள் எல்லோரும் முஸ்லிம்களாகவும் இல்லை. அந்த மண்ணில் வாழ்ந்த கிறிஸ்தவர்களும் யூதர்களும்கூட அதே மொழியில்தான் விலை பேசினார்கள், சாபமிட்டார்கள், மழை வேண்டினார்கள். சொல் இப்படித்தான் மதம் தாண்டியிருக்க வேண்டும். பழைய ஸ்பானியத்தில் இதை x போட்டு oxalá என்று எழுதினார்கள்; அந்த x எழுத்துக்கு அப்போது 'ஷ' ஒலி. அதாவது 'ஓஷலா'. அரபி 'ஷா' இன்னும் தோல் உரியாமல் உள்ளே இருந்திருக்கிறது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் அந்த ஒலி மெல்ல மெல்லத் தொண்டைக்குள் இறங்கி 'ஹ' போல ஆயிற்று. எழுத்தும் x போய் j ஆனது. டான் குவிக்சாட்டின் பெயர் இன்று 'கிஹோத்தே' ஆகியிருப்பதும் இதே வழியில்தான். பக்கத்து வீட்டுப் போர்த்துகீசியர்கள் மட்டும் இன்றைக்கும் 'ஷ'வை விடாமல் வைத்திருக்கிறார்கள். 1609இலிருந்து 1614வரை, மதம் மாறிய பிறகும் மூர்களின் வழித்தோன்றல்களை ஸ்பெயின் கப்பலேற்றி வெளியேற்றியது. ஆட்களைத் தேடித் தேடி அனுப்பியவர்களின் வாயில், அந்த ஆட்களுடைய இறைவனின் பெயர் ஒளிந்துகொண்டு தங்கிவிட்டது. அனுப்பியவர்கள் அதே வாயால், 'ஓஷலா இவர்கள் எல்லோரும் போய்த் தொலைய வேண்டும்' என்றும் சொல்லியிருப்பார்கள்தானே. மொழிக்குச் சொரணை கிடையாது என்று நினைத்துக்கொள்கிறேன். அது நல்லதற்கா கெட்டதற்கா என்றுதான் தெரியவில்லை.

அந்த 'லௌ' என்ற துண்டிடம் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. அரபியில் 'ஆல்' விகுதிக்கு நிகராக ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் உண்டு. 'இன்' என்பது திறந்து கிடக்கிற 'ஆல்': நடக்கலாம், நடக்காமலும் போகலாம். 'லௌ' என்பது மூடிய 'ஆல்': நடக்காததை, நடக்க வழியில்லாததை நினைத்துச் சொல்வது. திருக்குர்ஆனில் இரண்டும் வருகின்றன. நாளை இதைச் செய்வேன் என்று எதைப் பற்றியும் சொல்லாதே, அல்லாஹ் நாடினால் என்று சேர்த்துக்கொள் என்று பதினெட்டாம் அத்தியாயம் சொல்லுமிடத்தில் இருப்பது நாளையைப் பற்றிய திறந்த பேச்சு. அவன் நாடியிருந்தால் உங்கள் எல்லோரையும் ஒரே சமுதாயமாக ஆக்கியிருப்பான் என்று ஐந்தாம் அத்தியாயத்தில் வருமிடத்தில் இருப்பது 'லௌ': நாடியிருந்தால், அப்படி நாடவில்லை என்பது பொருள். நடக்க வாய்ப்பில்லாததற்காக ஏங்கவும் அரபு இலக்கணக்காரர்கள் இதே 'லௌ'வைத்தான் காட்டுகிறார்கள். ஆக நம் கடையநல்லூரில் சொல்கிற 'இன்ஷா அல்லாஹ்'வும் ஸ்பானிய 'ஓஹலா'வும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போலத் தெரிந்தாலும் சுபாவம் வேறு. முதலாவது ஒரு திட்டத்தின் மேல் வைக்கிற முத்திரை. இரண்டாவதில் ஆரம்பத்திலேயே ஏக்கம் கலந்திருக்கிறது.

அந்த ஏக்கம் ஸ்பானிய இலக்கணத்தில் இன்றைக்கும் பிடிவாதமாக இருக்கிறது. 'ஓஹலா' என்று ஆரம்பித்துவிட்டால் அதற்குப் பிறகு வருகிற வினை சாதாரண எதிர்கால வடிவத்தில் வரக்கூடாது. நடந்தது, நடக்கிறது, நடக்கும் என்று அறிவிக்கிற வடிவங்களை விலக்கிவிட்டு, விருப்பத்துக்கும் ஐயத்துக்கும் என்று தனியே வைத்திருக்கிற வடிவத்தில்தான் வினையைச் சொல்ல முடியும். அதிலும் படிகள் உண்டு. மழையை எடுத்துக்கொள்வோம். 'ஓஹலா யுவேவா' என்றால் பெய்யட்டும், பெய்ய வாய்ப்பு இருக்கிறது. 'ஓஹலா யோவியெரா' என்றால் பெய்தால் எவ்வளவு நன்றாயிருக்கும், பெய்கிற மாதிரிதான் இல்லை. மூன்றாவது படியில் 'ஓஹலா உபியெரா யோவிதோ': பெய்திருக்கக் கூடாதா, பெய்யாமல் போய்விட்டதே. தலைச்சொல் ஒன்றுதான், நம்பிக்கை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை வினை அளந்து சொல்லிவிடுகிறது. டொமினிக்கன் பாடகர் ஹுவான் லூயிஸ் குவெர்ரா 1989இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஒரு பாட்டின் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது. வயல்வெளியில் காபி மழையாகப் பெய்ய வேண்டும் என்பது பாட்டின் ஆசை. நடக்கவே முடியாத மழை அது. ஆனாலும் முதல் படியின் வினையைத்தான் போட்டிருக்கிறார். பெய்ய வாய்ப்பிருக்கிற மழைக்கு உரிய வினை. மூன்று படிகள் கைவசம் இருப்பவனால்தான் தெரிந்தே இப்படி ஒரு படி மேலே ஏறி நிற்க முடியும். ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு இந்த வித்தையைச் செய்ய வழியில்லை. அதற்குப் பின்னால் வருகிற வினைக்கு நம்பிக்கை எவ்வளவு என்பது தெரியவே தெரியாது. அது பாட்டுக்கு 'பெய்யும்' என்று சொல்லிவிட்டு நிற்கும்.

மேலே மூன்று ஸ்பானிய வாக்கியங்களையும் தமிழில் சொல்ல எனக்குச் சிரமமே இருக்கவில்லை என்பதை எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன். பெய்யட்டும், பெய்யாதா, பெய்திருக்கக் கூடாதா. 'ஓஹலா'வுக்கு நிகரான தனிச்சொல் நம்மிடம் இல்லை. இந்திக்காரர்களிடம் பாரசீகத்திலிருந்து வந்த 'காஷ்' இருக்கிறது. நம்மிடம் அப்படி ஒன்று கிடையாது. அந்த வேலையை வினையின் வால் பார்த்துக்கொள்கிறது. கீழப்பாவூரில் ஐப்பசி பிறந்தும் வானம் வெளுத்துக் கிடக்கிற வருஷங்களில் இந்த மூன்றையும் வரிசையாகக் கேட்கலாம். பெரியகுளத்தில் பாதித் தண்ணீர் இருக்கும்போது, பிசானத்துக்கு நாற்றுப் பாவுவதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருக்கிற காலத்தில், "பெய்யட்டும், பாப்போம்" என்பார்கள். 'ட்டும்' கொஞ்சம் வழுக்கல்தான். 'பெய்யட்டும், எனக்கென்ன' என்ற அலட்சியத்துக்கும் அதே வால். உள்ளே வரட்டும் என்று அனுமதி கொடுக்கவும் அதே வால். குரலை வைத்துத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். நட்ட பயிர் வாட ஆரம்பித்ததும் பேச்சு மாறும்: "ஒரு மழ பெய்யாதாங்கும்." இது கேள்வியின் உடையில் வருகிற வேண்டுதல். எதிர்மறையாகக் கேட்டால்தான் ஆசை வெளியே வருகிறது. 'பெய்யுமா' என்று நேராகக் கேட்டால் அது வெறும் தகவல் விசாரணை. அறுப்புக்குப் பிறகு, பதராகிப்போன கதிரைக் கையில் வைத்து உதிர்த்துக்கொண்டே சொல்வது மூன்றாவது: "தைக்கு முன்னால ஒரே ஒரு மழ பெஞ்சிருக்கக் கூடாதா." ஸ்பானியப் படிகளோடு இவை அச்சாகப் பொருந்துகின்றன என்று நான் சொல்லவில்லை. 'பெய்யாதா'வில் இருக்கிற இறைஞ்சல் அவர்களுடைய இரண்டாம் படியைவிடச் சூடானது. அவர்களுடைய முதல் படியோ நம்முடைய 'ட்டும்'மைவிட நெஞ்சுக்கு நெருக்கமானது. ஆனாலும் எவ்வளவு நம்பிக்கை மிச்சம் என்பதை வினையே சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு இரண்டு மொழிகளுக்கும் பொது.

அந்தக் 'கூடாதா'வில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 'கூடாது' என்பது தடை. இங்கே எச்சில் துப்பக் கூடாது, இந்தப் பக்கம் வரக் கூடாது. அதோடு ஓர் 'ஆ'வைச் சேர்த்துவிட்டால் தடை தலைகீழாகி மன்றாட்டாகிவிடுகிறது: வரக் கூடாதா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா. இந்தக் 'கூடு' என்ற வினையைக் கொஞ்சம் பின்தொடர்ந்து போனால் நம் ஆட்கள் விதியைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் பேசுகிற இடமெல்லாம் அதுதான் நிற்கிறது. சென்னை வானிலை மையத்தின் தமிழ் அறிக்கையில் 'இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்' என்று ஒரே மூச்சில் இரண்டு தடவை வருகிறது. கல்யாணப் பத்திரிகையில் திதியும் நட்சத்திரமும் யோகமும் 'கூடிய சுபதினம்'. பெண் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் என்னாச்சு என்று கேட்டால், "கூடி வரணும்லா" என்பது பதில். வீடு கட்டுவது, நிலம் வாங்குவது, நோய் தீர்வது எல்லாமே நேரம் கூடி வந்தால்தான். கூட்டுவது யார் என்று அந்தச் சொல் சொல்வதில்லை. சாமியாக இருக்கலாம், கிரகமாக இருக்கலாம், பத்து மனிதர்களின் சம்மதமாகவும் இருக்கலாம். அரபிச் சொல்லில் விருப்பம் இறைவனுடையது. ஆங்கிலச் சொல்லில் நம்பிக்கை யாரோ பெயர் தெரியாதவருடையது. தமிழில் விருப்பமும் நம்பிக்கையும் பின்னால் போய்விடுகின்றன, விஷயங்கள் வந்து ஒன்றுசேர்வதுதான் முன்னால் நிற்கிறது. ஆசைப்படுவதை ஒருத்தி கையால் செய்து பார்ப்பதும் இந்த வினையின் பேரில்தான். கூடல் இழைத்தல்: கண்ணை மூடிக்கொண்டு மணலில் விரலால் வட்டம் வரைவது, தொடங்கிய இடத்தில் முனை வந்து கூடிவிட்டால் அவன் வருவான், கூடாவிட்டால் இல்லை. நாச்சியார் திருமொழியின் நாலாம் திருமொழி முழுக்க ஆண்டாள் இதைத்தான் செய்கிறாள். அவன் வருவதாக இருந்தால் நீ கூடு என்று வட்டத்திடமே மறுபடி மறுபடி சொல்கிறாள். எங்கள் ஊருக்கு வடக்கே, இதே மலையின் அடிவாரத்து ஶ்ரீவில்லிபுத்தூர்க்காரி அவள். 'லௌ'வின் ஏக்கமும் 'இன்'னின் திறந்த வாசலும் அவளுடைய அந்த ஒற்றை 'ஆல்'க்குள் அடங்கிவிடுகின்றன என்று எனக்குத் தோன்றும். அடங்குவதால் தெளிவு குறைகிறது என்றும் ஒருவர் வாதிடலாம்.

இறைவன் பெயரைச் சொல்லியே பேசுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் குறைவு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கடையநல்லூரிலோ தென்காசியிலோ முஸ்லிம் வீடுகளில் ஒரு வருகையைப் பற்றிப் பேசினால் 'இன்ஷா அல்லாஹ்' இல்லாமல் முடிவதில்லை. தமிழாக்கி எழுதும்போது 'அல்லாஹ் நாடினால்' என்கிறார்கள். 'நாடு' அழகான தேர்வு; தேடுவதும் விரும்புவதும் பக்கத்தில் வருவதும் அதில் இருக்கின்றன. கிறிஸ்தவர்கள் 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்பார்கள். நாளைக்கு இன்ன பட்டணம் போவோம், வியாபாரம் செய்வோம் என்று திட்டம் போடுகிறவர்களை யாக்கோபு தம் நிருபத்தில் நிறுத்தி, ஆண்டவருக்குச் சித்தமானால் என்று சொல்லச் சொல்கிறார். குர்ஆன் நிறுத்துகிற அதே இடம், அதே 'நாளை'. கீழப்பாவூரிலோ பதினாறு கைகளோடு ஒரு நரசிம்மர் இருக்கிறார். சுவாதி நட்சத்திரத்தன்று வெளியூர்க் கூட்டம் வரும். நாளை என்பதே நரசிம்மனுக்கு இல்லை என்பது வழக்கு. வேண்டினால் அன்றைக்கே கொடுத்துவிடுவாராம். நாளையைப் பற்றிப் பேசும்போது நாவை அடக்கச் சொல்கிற இரண்டு வேதங்களுக்கு நடுவில் நாளையையே ஒழித்துவிட்ட ஒரு சாமி. பக்கத்துப் பொட்டல்புதூர் தர்காவில் நேர்ந்துகொள்ளப் போகிற இந்துக்களும் உண்டு. அவர்களுக்கு இந்த வேறுபாடுகளால் ஒரு நெருக்கடியும் வந்ததாகத் தெரியவில்லை. வளைகுடாவில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்த இந்துப் பையன்கள்கூட 'இன்ஷா அல்லா வாறேன்' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எட்டு நூற்றாண்டு எடுத்துக்கொண்டு அந்தலூசியாவில் நடந்தது, இங்கே ஒரு விசா காலத்தில் நடந்துவிடுகிறது.

இந்தச் சொல்லையும் நான் பெருமைப்படுத்திவிடக் கூடாது. வர விருப்பமில்லாதவன் தப்பிக்கிற வாசலாக 'இன்ஷா அல்லாஹ்' ஆகிவிட்டது என்று முஸ்லிம் நண்பர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். குழந்தை பொம்மை கேட்டு வாப்பா அப்படிச் சொன்னால் பொம்மை இல்லை என்று குழந்தைக்கே தெரியும் என்பார்கள். 'பாக்கலாம்' என்று நாம் சொல்வதும் அதே ஜாதிதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 'இன்ஷா அல்லாஹ்' சொல்லிவிட்டு வராதவன் ஒரு பெயரைச் சாட்சிக்கு அழைத்துவிட்டு ஏமாற்றுகிறான். அவனைப் பெரியவர்கள் அந்தப் பெயரை வைத்தே கண்டிக்க முடியும். 'ஹோப்ஃபுல்லி' சொல்லிவிட்டு வராதவனை எதை வைத்துக் கண்டிப்பது?

பாவூர்சத்திரத்தில் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறை ஒன்றில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தபோதுதான் இது எனக்கு விளங்கிற்று. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை வெட்டி இழுத்து, பழைய சுற்று எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். பிறகு காடிகளில் புதுத் தாள் வைத்து, அதே கனக் கம்பியில் அதே எண்ணிக்கை சுற்றிச் செருகி, முனைகளை இணைத்து, கடைசியில் வார்னிஷ் ஊற்றிக் காய வைப்பார்கள். வார்னிஷ் காயாமல் ஓட்டினால் ஈரத்தில் கசிவு ஏற்பட்டு மறுபடி எரியும். பட்டறைக்காரர் வயதானவர். எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு அவர் கையை நிறுத்தாமல் சொன்னார்: "அந்தக் கேஜ் கம்பி தென்காசில இருந்து மத்தியானத்துக்குள்ள வந்தா, சாயங்காலம் வரைக்கும் கரண்டு போகாம இருந்தா, ராத்திரி வார்னிஷ் ஊத்திருவேன். காலைல வெயில் அடிச்சா பத்து மணிக்கு வாங்க அண்ணாச்சி." மூன்று 'ஆல்'கள். கடவுள் பெயர் ஒன்றிலும் இல்லை. எது எது கூட வேண்டும் என்பது எல்லாம் என் கையில் கொடுத்தாயிற்று. கம்பி வந்ததா என்று நானே போன் போட்டுக் கேட்கலாம், வானம் மூடியிருந்தால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். அவருடைய பேரன் வயசுப் பையன் அதே பட்டறையில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தான். இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்டதும், "ஹோப்ஃபுல்லி நாளைக்கு ரெடி ஆயிரும் சார்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான், பொய்யும் இல்லை. ஆனால் கேட்டவருக்குக் கிடைத்தது ஒரு முகபாவம் மட்டும். கம்பி வரவில்லை என்பது பையனுக்குத் தெரியும். தெரிந்தது சொல்லுக்குப் பின்னால் போய்விட்டது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே தகவலை விழுங்கிவிட இந்தச் சொல் உதவுகிறது. வாடிக்கையாளரிடம் நிபந்தனைகளை அடுக்குவது அழகில்லை என்று எங்கோ அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் போல.

இதில் வியப்பான ஒன்று உண்டு. 'ஓஷலா' எங்கள் கரைக்கு வராமல் இல்லை. 1530களிலிருந்து முத்துக்குளித்துறையில் போர்த்துகீசியர்கள் இருந்தார்கள். ஹென்ரிகே ஹென்ரிக்கஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் அச்சான கொல்லம், செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் அந்தப் பக்கம்தான். அவர்களுடைய மொழியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டோம், ஜன்னலை எடுத்துக்கொண்டோம், அலமாரியையும் மேஜையையும் எடுத்துக்கொண்டோம். எல்லாம் பொருள்கள். அவர்கள் புயலிலும் கப்பல் தாமதத்திலும் வாய்விட்டுச் சொல்லியிருக்கக்கூடிய அந்த ஆசைச்சொல்லை மட்டும் பரதவர்களும் சரி, மேற்கே இருந்த நாங்களும் சரி, எடுத்துக்கொள்ளவில்லை. எங்களுக்குத் தேவைப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆசைப்பட வினையின் வால் இருந்தது, நிபந்தனை சொல்ல 'ஆல்' இருந்தது, மிச்சத்துக்குக் 'கூடி வரணும்' இருந்தது. வளைகுடாப் பையன்களின் 'இன்ஷா அல்லா'வில் எனக்குச் சங்கடம் இல்லாததும் இதனால்தான். அது எதையும் அழிக்காமல் இவற்றோடு கூடச் சேர்ந்துகொள்கிறது. "இன்ஷா அல்லா, லீவு கெடச்சா வாறேன்" என்று அவனால் சொல்ல முடிகிறது. 'ஹோப்ஃபுல்லி' வந்த வாக்கியத்தில் அந்த 'கெடச்சா' உதிர்ந்துவிடுவதைக் கவனித்துப் பாருங்கள், "ஹோப்ஃபுல்லி வந்திருவேன்." இரண்டும் சேர்ந்து வருவதில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நான் காதுகொடுத்துக் கேட்டவரை சேர்ந்து வருவது அபூர்வம்.

மொழியைக் காக்க வேண்டும் என்ற வகைப் பேச்சில் எனக்கு ஈடுபாடு கிடையாது. இந்தச் சொல்லும் நாளைக்குப் பஸ்ஸைப் போல நம் சொல்லாகிவிடக்கூடும். அதைத் தடுக்க யாராலும் ஆகாது. என் கணக்கு வேறு. இன்ன தேதிக்குள் பணம் திரும்ப வரும், இன்ன நாளில் அறிக்கை கிடைக்கும், வண்டி தயாராகும் என்று யாராவது உங்களிடம் அந்தச் சொல்லைப் போட்டுச் சொன்னால், கோபப்படாமல், எது எது கூடி வந்தால் என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். அவரிடம் பதில் இருக்கும்.